சம்பளம் முதலில், மரியாதை அப்புறமா?

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ரத்தப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில், காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருபவர்கள் ஒன்பது பேர். அவர்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் அதிகமாகிக்கொண்டே வருகிறார்கள். எடுத்து வரும் மாதிரிகளில் கெட்டுப்போனவையும் கூடியிருக்கின்றன. நிர்வாகம் மாதம் 27,000 ரூபாய் கூடுதலாக ஒதுக்கச் சம்மதிக்கிறது. ஆளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது?

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் இந்த மாதிரிக் குழுக்களோடு பல வருடம் வேலை செய்தவன் என்பதால், கூட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு முக்கோணம் வரைவார். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, அதற்கும் மேல் அன்பும் உறவும், பிறகு மதிப்பு, உச்சியில் தன் முழுத் திறனையும் எட்டுவது. "இவங்க இன்னும் கீழ்ப்படியிலதான் சார் இருக்காங்க. இப்போ பணத்தைக் குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். தலைகள் ஆடும், கூட்டம் முடியும்.

அந்த "அப்புறம்" எனக்கு உறுத்துகிறது. மாற்றாக எடுத்துக்கொள்ள இன்னும் இரண்டு பார்வைகள் இருக்கின்றன. மூன்றையும் இதே 27,000 ரூபாயின் மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலில் முக்கோணம். ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் ஐந்து தேவைகளும் உண்டு, வரிசையும் உண்டு, முக்கோணம் மட்டும் கிடையாது. அது பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்களின் கைவேலை. 1960-ல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் ஒரு வணிக இதழில் அதை வரைந்து காட்டியதை 2019-ல் மூன்று ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள். படம் வந்ததும் கருத்து இறுகிவிட்டது. மாஸ்லோவின் எழுத்தில் நெகிழ்வு அதிகம். ஒரு தேவை நூறு சதவீதம் நிறைந்த பிறகுதான் அடுத்தது வரும் என்று நினைத்துவிடாதீர்கள் என்று அவரே எச்சரித்தார். விளக்கத்துக்காகத் தாமாக வைத்துக்கொண்ட எண்கள் என்று சொல்லிவிட்டு ஓர் உதாரணமும் தந்தார்: சராசரி மனிதனுக்கு உடல் தேவைகள் 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, உச்சித் தேவை 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்றார். ஐந்தும் ஒரே நேரத்தில், வெவ்வேறு அளவில். முக்கோணத்தில் இது தெரியாது. அங்கே ஒரு தளத்தில் நின்றால்தான் அடுத்த தளத்துக்கு ஏற முடியும்.

நெகிழ்வான வடிவத்தை எடுத்துக்கொண்டாலும் வரிசை சரிதானா? அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் இளம் மேலாளர்களை ஹால், நூகைம் இருவரும் ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்து 1968-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தேவை நிறைந்தால் அதன் மேலுள்ள நாட்டம் தணிந்து அடுத்த தேவை தலைதூக்க வேண்டும் என்பது மாஸ்லோவின் கணிப்பு. அப்படி நடந்ததற்கு அங்கே நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. வருடம் போகப் போக நாட்டம் மாறியது உண்மை. ஆனால் அதை வேலை வாழ்க்கையின் பருவ மாற்றமாகப் பார்ப்பதே பொருந்துகிறது என்றார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை நிலைக்குமா என்ற கவலை, நாலு வருடம் போனால் எதையாவது சாதிக்க வேண்டும் என்ற துடிப்பு. வேலையில் இருக்கும் யாருக்கும் இது புரியும். 1976-ல் வாபா, பிரிட்வெல் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த ஏணிக்குத் தெளிவான ஆதரவு தேறவில்லை.

இவையெல்லாம் அமெரிக்க அலுவலகங்கள், வயிறு நிறைந்தவர்கள் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தரும் பெரிய ஆய்வு 2011-ல் வந்தது. லூயிஸ் டே, எட் டீனர் இருவரும் காலப் நிறுவனத்தின் உலகக் கருத்துக்கணிப்பிலிருந்து 123 நாடுகளைச் சேர்ந்த 60,865 பேரின் பதில்களை அலசினார்கள். தேவைகள் உலகம் முழுக்கப் பொதுவானவை என்று தெரிந்தது. அந்த அளவில் மாஸ்லோவுக்கு வெற்றி. அடிப்படைத் தேவைகள்தான் பொதுவாக முதலில் நிறைவேறுகின்றன என்பதும் ஓரளவு தெரிந்தது. ஆனால் ஒரு தேவை நிறைவேறுவதால் கிடைக்கும் பலன், மற்றவை நிறைவேறியதா இல்லையா என்பதை அவ்வளவாகச் சார்ந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ளவருக்கும் நல்ல துணை இருந்தால் அந்தத் துணையின் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. வாழ்க்கையை மொத்தமாக எடைபோடும்போது பணமும் சோறும் முன்னே நின்றன. அன்றாடம் மனம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் உறவும் மரியாதையும் முன்னே வந்தன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை என்று தோன்றும். கடன் வாங்கியாவது காதுகுத்துக்குச் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதை நாம் பார்த்துத்தான் வளர்ந்தோம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில் ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் மிக வறிய குடும்பங்களின் செலவைக் கணக்கிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு குடும்பம் ஆண்டுச் செலவில் சுமார் பத்து சதவீதத்தைத் திருவிழாக்களுக்கு ஒதுக்கியிருந்தது. முக்கோணத்தின்படி அந்தப் பணம் முழுவதும் அரிசிக்குப் போயிருக்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். ரத்தம் எடுக்கப் போகும் பையன் ஐந்தரைக்கே கிளம்பியிருப்பான். குளிர்பெட்டி, ஊசி, பஞ்சு, மூடி மூடியாகக் குழாய்கள். சில வீடுகளில் கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நிற்க வைப்பார்கள். வயதானவரின் கையில் நரம்பு பிடிபடாமல் இரண்டாவது முறை குத்த வேண்டி வந்தால், "ஒழுங்கா படிச்சிட்டு வந்தியா?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் சோர்ந்து திரும்பி வந்து சொன்னது பெரும்பாலும் இந்தக் கதையைத்தான், சம்பளக் கதையை அல்ல. சம்பளம் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டும் சேர்ந்தே வலித்தன. கீழ்ப்படியில் இருப்பவனுக்கு மேல்படித் தேவை இன்னும் முளைக்கவில்லை என்று ஒரு படத்தைக் காட்டிச் சொல்வது அவனை முழு மனிதனாகப் பார்க்க மறுப்பது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆக, முதல் வழியில் போனால் 27,000-மும் அப்படியே சம்பளத்தில் சேரும். வேறு எதுவும் மாறாது. தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன், பாதி முடிவு.

இரண்டாவது பார்வை ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்குடையது. பிட்ஸ்பர்க் பகுதியில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் அவர் குழு பேட்டி கண்டது. 1959-ல் நூலாக வந்தது. வேலையில் மிக நன்றாக உணர்ந்த ஒரு தருணத்தையும் மிக மோசமாக உணர்ந்த ஒரு தருணத்தையும் சொல்லச் சொன்னார்கள். மோசமான கதைகளில் நிறுவனத்தின் விதிகள், மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் ஆகியவை வந்தன. நல்ல கதைகளில் சாதித்தது, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு ஆகியவை வந்தன. இதிலிருந்து அவர் எடுத்த முடிவு: இவை இரண்டு தனித் தட்டுகள். முதல் தட்டைச் சரிசெய்தால் முணுமுணுப்பு நிற்கும், அதனால் ஊக்கம் பிறக்காது. ஊக்கம் இரண்டாவது தட்டிலிருந்து வரும்.

எங்கள் வேலைக்கு இது முக்கோணத்தைவிட உதவும். இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கச் சொல்கிறது, வரிசையில் நிற்க வைக்கவில்லை. பெட்ரோல் காசைக் கிலோமீட்டர் கணக்கில் ஒழுங்காகக் கொடுங்கள், கிழிந்த குளிர்பெட்டியை மாற்றுங்கள், அது ஒரு பக்கம். வேலையிலேயே பொறுப்பைக் கூட்டுங்கள், அது இன்னொரு பக்கம். சரி, ஓட்டை எங்கே? பேட்டி முறையிலேயே இருக்கிறது. நன்றாக நடந்ததைப் பற்றிக் கேட்டால் எவரும் தன் சாமர்த்தியத்தைச் சொல்வார், கெட்டது நடந்ததைக் கேட்டால் மேலதிகாரியையும் நிறுவனத்தையும் சொல்வார். தட்டு இரண்டாகப் பிரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேறு முறையில் கேட்ட ஆய்வுகளில் அந்தப் பிரிவு அவ்வளவு சுத்தமாக வரவில்லை. சம்பளத்தை வெறும் முணுமுணுப்புத் தட்டில் வைத்துவிட்டதும் பிரச்சினைதான். சம்பள உயர்வு பல நேரம் "உன் வேலையைக் கவனித்தோம்" என்ற சேதியையும் சுமந்துகொண்டு வருகிறது.

மூன்றாவது பார்வைதான் பிற்கால ஆய்வுகள் அதிகம் தங்கி நிற்கும் இடம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு. இதில் மனத்துக்கு வேண்டியவை மூன்று. நான் செய்வது என் சம்மதத்தோடு நடக்கிறது என்ற உணர்வு. எனக்கு இதைச் செய்ய வருகிறது என்ற உணர்வு. நான் ஒட்டி வாழ மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இவற்றுக்குள் மேல் கீழ் இல்லை. வயிறு காய்ந்தவருக்கு இவை பொருட்டா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் வருமானம் குறைந்த பெரியவர்களிடமும், தென்னாப்பிரிக்காவில் பாதுகாப்புக் குறைந்த சூழலில் வாழும் இளைஞர்களிடமும் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், பணத்தட்டுப்பாட்டையும் பயத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த மூன்றின் நிறைவு அவர்களின் நலத்தோடு சேர்ந்தே நின்றது.

இந்தக் கோட்பாட்டின் வேர் 1971-ல் டெசி செய்த ஒரு சோதனையில் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். தனித்தனியாக மூன்று முறை வரவைத்தார். இரண்டாவது முறை மட்டும், ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். ஒவ்வொரு முறையும் நடுவில் எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுவார். பத்திரிகைகள் கிடக்கும், புதிரும் கிடக்கும். யாரும் சொல்லாமல் தாமாகப் புதிரைத் தொடுகிறார்களா என்பதைத்தான் கவனித்தார். காசு நின்ற மூன்றாவது முறையில், காசு வாங்கியவர்கள் முன்பு இருந்த அளவுக்குக்கூட அதைத் தொடவில்லை. 1999-ல் டெசியும் கூட்டாளிகளும் 128 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆர்வமாகச் செய்யும் வேலைக்கு "இதைச் செய்தால் இது" என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருள்சார்ந்த பரிசு ஆர்வத்தைக் குறைப்பதையும், உண்மையான பாராட்டு ஆர்வத்தைக் கூட்டுவதையும் அதில் காட்டினார்கள். ஆர்வமே இல்லாத வேலையில் குறைக்க எதுவுமில்லை, அங்கே அந்தக் கெடுதல் தெரியவில்லை. இந்த முடிவின் அளவைப் பற்றி வேறு ஆய்வாளர்கள் கடுமையாகச் சண்டை போட்டதும் உண்டு. நான் சாய்வது 2014-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வின் பக்கம். செராசோலியும் வேறு இருவரும் நாற்பது வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உள்ளார்வம் வேலையின் தரத்தோடு அதிகம் சேர்கிறது, ஊக்கத்தொகை வேலையின் எண்ணிக்கையோடு அதிகம் சேர்கிறது என்றார்கள்.

தரம், எண்ணிக்கை என்ற இந்த வேறுபாடு ரத்தம் எடுக்கும் வேலையில் கண்ணுக்கே தெரியும். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தார்கள். வீடுகளின் எண்ணிக்கை உடனே ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் ஆய்வகத்தின் பக்கமிருந்து புகார் வந்தது. ஊதா மூடிக் குழாயில் ரத்தத்தை எடுத்ததும் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் உள்ளே சின்னக் கட்டி உறையும், தட்டணு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். சிரிஞ்சின் தண்டை வேகமாக இழுத்தாலும், தேய்த்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும் சிவப்பணுக்கள் உடையும். சுழற்றிப் பிரித்த பிறகு வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ் நிறத்தில் நிற்கும். அதில் பொட்டாசியம் பார்த்தால் இல்லாத உயர்வு காட்டும். அந்த மாதிரியைத் தள்ளிவிட்டு, அதே பாட்டியை மறுபடி பட்டினி போட்டு மறுபடி குத்த வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் யாருக்கு என்ற சண்டை. அதுவரை "அண்ணே, நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க, இதையும் பாத்துருங்க" என்று மாற்றிக்கொண்டவர்கள் முகவரியை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். பிறகு அந்தத் தொகையை நிறுத்தினார்கள். பழைய பழக்கம் திரும்பவில்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டபோது தாமதம் கூடியதையும், அபராதத்தை எடுத்த பிறகும் அது குறையாமல் நின்றதையும் நீஸி, ருஸ்டிகினி இருவரும் 2000-ல் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எங்கள் முகவரிச் சண்டைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது 27,000 ரூபாய்க்கு வருவோம். மூன்றாவது பார்வையை எடுத்தால் நான் செய்வது இது. ஆளுக்கு 2,000 வீதம் 18,000 ரூபாயை நிலையான சம்பளத்திலேயே சேர்ப்பேன், எந்த நிபந்தனையும் இல்லாமல். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு ரூபாய்கூட வைக்க மாட்டேன். மீதி 9,000-ல் கூட்டம் அதிகமுள்ள நாட்களின் காலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு பகுதிநேர ஆளை வைப்பேன். ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு வீடு குறையும். குழாயைக் கவிழ்த்துக் கலக்க அந்த நேரம் வேண்டும்.

மற்றவைக்குக் காசு வேண்டாம், என் கையில் இருக்கும் பிடியைத் தளர்த்த வேண்டும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் முகவரிகளை அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவேன். அடுத்தது, தள்ளப்பட்ட மாதிரிகளின் விவரம். இதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "மூணு மாதிரிக்கு மேல கெட்டா 200 ரூபாய் பிடிப்போம்" என்பது ஒரு விதம். "இந்த வாரம் உங்க மாதிரியில மூணு உறைஞ்சிருக்கு, மூணும் ஊதா மூடி, மூணும் ஏழு மணிக்கு மேல எடுத்தது" என்று தனியாக உட்கார்த்திச் சொல்வது இன்னொரு விதம். இரண்டிலும் செய்தி ஒன்றுதான். முதலாவது அடுத்த முறை ஒளித்து வைக்கப் பழக்கும். இரண்டாவதைக் கேட்டால், ஏழு மணிக்கு மேல் அவசரம் கூடுகிறது என்பது அவருக்கே தெரியும். யார் எத்தனை கெடுத்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் நான் முதல் விதத்தில்தான் சேர்ப்பேன்.

ஒட்டுறவுக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம், ஆய்வகத் தொழில்நுட்பரோடு டீ. நல்ல மாதிரி எப்படி இருக்கிறது, அதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று நோயாளியின் பெயர் சொல்லாமல் அவர் சொல்ல வேண்டும். இது வெறும் நல்லெண்ணம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேசும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படித்த ஒரு மாணவரை ஐந்து நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், எல்லா இடத்திலும் அதே அளவு கிடைக்கும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். ஆனால் காலையில் எடுத்த குழாய் பிற்பகலில் என்ன ஆனது என்றே தெரியாமல் வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மூன்றாவது பார்வையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இதன் ஆய்வுகளில் பெரும்பகுதி வினாத்தாள்கள். நிறைவாக இருக்கிறீர்களா என்றும் ஊக்கமாக இருக்கிறீர்களா என்றும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கேட்டால் இரண்டும் ஒட்டித்தான் வரும், எது எதற்குக் காரணம் என்று தெரியாது. எவ்வளவு சம்பளம் நியாயம் என்பதற்கு இதில் பதிலே இல்லை. அதைவிட மோசமாக, இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பணம் உள்ளார்வத்தைக் கெடுக்கும் என்று சொல்லிச் சம்பளத்தை ஏற்றாமல் இருப்பார்கள். டெசியின் ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. அது பேசியது நிபந்தனை போட்டுக் கொடுக்கும் பரிசைப் பற்றி. மாதம் பிறந்தால் வரும் நியாயமான சம்பளத்தைப் பற்றி அல்ல.

அதனால் என் பங்கீட்டுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறேன். முதலில் அதே ஊரில் இதே வேலைக்கு மற்ற ஆய்வகங்கள் என்ன தருகின்றன என்று விசாரிக்க வேண்டும். நம் சம்பளம் அதைவிட 3,000 ரூபாய் குறைவு என்று தெரிந்தால், பகுதிநேர ஆளை விட்டுவிட்டு 27,000-த்தையும் சம்பளத்திலேயே போடுவேன். அப்போதும் முகவரி மாற்றும் உரிமையும், தனியாக உட்கார்ந்து பேசுவதும், வார டீயும் அதே மாதமே தொடங்கும். அவற்றுக்குக் காசு வேண்டாம், காத்திருக்கவும் காரணம் இல்லை. மூன்று மாதம் கழித்து நான் கேட்பது இரண்டே விவரம்: தள்ளப்பட்ட மாதிரிகள் நூற்றுக்கு எத்தனை, அவற்றில் எத்தனையை ஆய்வகம் கண்டுபிடிக்கும் முன்பே எடுத்தவரே போன் செய்து சொன்னார். இரண்டாவது எண் ஏறவில்லை என்றால், நான் உட்கார்த்தி வைத்துப் பேசியது அவர்கள் காதில் இன்னும் மிரட்டலாகவே விழுகிறது, பேசும் விதத்தை நான்தான் மாற்ற வேண்டும்.